மேப் 20% காட்டிய கணிப்பு 473 பம்ப் குறைவாகச் சொன்ன கதை

கேள்வி: கோவையில் ஒரு பம்ப் செட் கம்பெனியில் பிளானிங் பார்க்கிறேன். 1 எச்.பி. மோனோபிளாக்குக்கு மாதாமாதம் டீலர் ஆர்டர் எவ்வளவு வரும் என்று கணிப்பு போடுவது என் வேலை. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை என் கணிப்புக்கு மேப் எனும் சராசரி சதவீதப் பிழை 50% வந்திருக்கிறது. சேல்ஸ் பக்கம் ஒருவர் தனியாகப் போட்டு வைத்திருந்ததற்கு 20% தான். இனி அவருடையதையே எடுத்துக்கொள்ளலாம், எல்லா மாடலுக்கும் 20%-க்குள் இருக்க வேண்டும் என்கிறார் மேனேஜர். இரண்டு கணிப்பையும் இணைத்திருக்கிறேன். என்னுடையது அவ்வளவு மோசமா?

பதில்:

இல்லை. இரண்டில் ஒன்றை வைத்துத்தான் ஃபவுண்டரிக்கு ஆர்டர் போட வேண்டும் என்றால் நான் உங்களுடையதைத்தான் எடுப்பேன். அதற்காக உங்கள் கணிப்பில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு குறை இருக்கிறது. ஆனால் 50% என்ற எண் அதைக் காட்டவில்லை, வேறு எதையோ காட்டுகிறது.

நீங்கள் அனுப்பிய எண்களை ஒரே அட்டவணையில் வைத்துப் பார்ப்போம்.

| மாதம் | வந்த ஆர்டர் | உங்கள் கணிப்பு | பிழை | அவர் கணிப்பு | பிழை |
|---|---|---|---|---|---|
| மார்ச் | 500 | 450 | 10% | 350 | 30% |
| ஏப்ரல் | 600 | 540 | 10% | 420 | 30% |
| மே | 400 | 420 | 5% | 280 | 30% |
| ஜூன் | 100 | 200 | 100% | 90 | 10% |
| ஜூலை | 50 | 125 | 150% | 45 | 10% |
| ஆகஸ்ட் | 80 | 100 | 25% | 72 | 10% |

மேப் என்பது ஒவ்வொரு மாதமும் கணிப்புக்கும் ஆர்டருக்கும் உள்ள வித்தியாசத்தை, கூடவா குறைவா என்று பார்க்காமல், அந்த மாத ஆர்டரால் வகுத்துச் சதவீதமாக்கி, பிறகு எல்லா மாதத்துக்கும் சராசரி எடுப்பது. உங்கள் ஆறு சதவீதங்களைக் கூட்டினால் 300, ஆறால் வகுத்தால் 50. அவருக்குக் கூட்டுத்தொகை 120, வகுத்தால் 20. கணக்கில் தவறு இல்லை.

இப்போது சதவீதத்தை மறந்துவிட்டு பம்ப்பை எண்ணுங்கள். உங்கள் கணிப்பு ஆறு மாதத்தில் மொத்தம் 325 பம்ப் தவறியிருக்கிறது. அவருடையது 473 பம்ப். அதிலும் அவருடைய 473-உம் ஒரே பக்கம்: ஆறு மாதமும் குறைவாகவே சொல்லியிருக்கிறார். 450 குறைவு மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் மட்டும், அதாவது வெயில் காலத்தில், கிணறு வற்றி மோட்டார் எரிந்து விவசாயி கடைக்கு ஓடி வரும் நேரத்தில். அன்றைக்கு உங்கள் பம்ப் கடையில் இல்லை என்றால் அவர் காத்திருக்க மாட்டார். பக்கத்தில் இருக்கிற பிராண்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

இவ்வளவு தவறிய கணிப்புக்கு 20% எப்படி வந்தது? ஜூலையைப் பாருங்கள். 50 பம்ப் போன மாதம் அது. அதில் நீங்கள் 75 பம்ப் கூடுதலாகச் சொன்னது 150% ஆகிவிட்டது. அவர் ஏப்ரலில் 180 பம்ப் குறைவாகச் சொன்னது வெறும் 30%. மேப்பின் கண்ணில் 50 பம்ப் மாதமும் 600 பம்ப் மாதமும் ஒரே எடை. ஆனால் வகுக்கும் எண் சிறியதாக இருக்கும் மாதத்தில் சதவீதம் தானாகவே ஊதிப் பெரிதாகிவிடும். அதனால் வியாபாரம் படுத்துக் கிடக்கும் மழை மாதங்கள்தான் உங்கள் ஆறு மாத மதிப்பெண்ணையும் தீர்மானித்திருக்கின்றன. உங்களுடைய 300-இல் 275 ஜூன், ஜூலை, ஆகஸ்டிலிருந்து வந்தது. அந்த மூன்று மாதத்துக்கும் சேர்த்து வந்த ஆர்டர் 230, மொத்தம் 1,730-இல் எட்டில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

இன்னொரு கோணலும் மேப்புக்குள் இருக்கிறது. குறைவாகச் சொல்லித் தவறினால் பிழை 100%-ஐத் தாண்டவே முடியாது. பூஜ்யம் என்று சொன்னாலும் 100% தான். கூடுதலாகச் சொன்னால் உச்சவரம்பே கிடையாது. இது என்ன செய்யும் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஒரு மாடலுக்கு வழக்கமாக 100 ஆர்டர், ஒரு கான்ட்ராக்டர் மொத்த ஆர்டர் வந்தால் 400, வருவதற்கும் வராததற்கும் சமமான வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 250 என்று கணித்தால், 100 வரும்போது பிழை 150%, 400 வரும்போது 37.5%, சராசரி 93.75%. கண்ணை மூடிக்கொண்டு 100 என்று சொல்லிவிட்டால் ஒன்றில் 0, இன்னொன்றில் 75%, சராசரி 37.5%. 400 என்று சொன்னால் சராசரி 150%. ஆக, என்ன வரும் என்று தெரியாதபோது குறைவாகச் சொல்பவருக்குத்தான் மேப் பரிசு கொடுக்கிறது. ஏற்ற இறக்கம் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குக் கணிப்பைக் கீழே இழுக்கும். இதற்கு யாரும் ஏமாற்றத் தேவையில்லை. மேப்பைக் குறைக்கச் சொல்லி மென்பொருளை ஓட்டினாலும் அதுவும் இதையேதான் செய்யும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் சேல்ஸ் ஆட்களின் ஊக்கத்தொகையை மேப்போடு கட்டிவிட்டார்கள். ஓராண்டுக்குள் எல்லாருடைய மேப்பும் அழகாக இறங்கியது. அடுத்த சீசனில் குடோன் காலி. உங்கள் சேல்ஸ் நண்பர் வேண்டுமென்றே செய்தார் என்று சொல்லவில்லை. ஆனால் 20% என்று எல்லா மாடலுக்கும் இலக்கு வைத்தால், உங்கள் மேனேஜர் கேட்டு வாங்கப்போவது இந்த மாதிரிக் கணிப்பைத்தான்.

இதைச் சரிசெய்ய எஸ்-மேப் என்று ஒன்று இருக்கிறது, வகுக்கும் எண்ணாக ஆர்டரையும் கணிப்பையும் சராசரி எடுத்துப் போடுவார்கள். சமச்சீரானது என்று அதற்குப் பெயர், ஆனால் சமச்சீர் இல்லை. ஆர்டர் 100 வந்த மாதத்தில் 150 என்று கணித்திருந்தால் பிழை 40%, 50 என்று கணித்திருந்தால் 66.7%. கோணல் மறுபக்கம் சாய்ந்ததே தவிர நிமிரவில்லை. நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

நான் பயன்படுத்துவது எளிமையானது. ஆறு மாதப் பிழைகளையும் பம்ப் கணக்கில் கூட்டி, ஆறு மாத ஆர்டர் மொத்தத்தால் ஒரே ஒரு முறை வகுப்பது. இதை வேப் என்பார்கள். ஆர்டர் அளவுக்கு ஏற்ப எடை போட்ட சதவீதப் பிழை என்று அர்த்தம். உங்களுக்கு 325-ஐ 1,730-ஆல் வகுத்தால் 18.8%. அவருக்கு 473-ஐ 1,730-ஆல் வகுத்தால் 27.3%. வரிசை தலைகீழாகிவிட்டது பாருங்கள். ஒரு பம்ப் ஏப்ரலில் தவறினாலும் ஜூலையில் தவறினாலும் ஒரு பம்ப் தான் என்கிறது வேப். தொழிற்சாலைக்கு அதுதான் நியாயம்.

இதோடு கட்டாயம் சேர்த்துப் பார்க்க வேண்டியது சாய்வு. கணிப்பின் கூட்டுத்தொகையிலிருந்து ஆர்டரின் கூட்டுத்தொகையைக் கழியுங்கள், கூட்டல் கழித்தல் குறியை விட்டுவிடாமல். உங்களுக்கு 1,835 கழித்தல் 1,730, அதாவது 105 கூடுதல். அவருக்கு 473 குறைவு. அவருடைய மொத்தப் பிழையும் 473, சாய்வும் 473. இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரு மாதம்கூட மறுபக்கம் போகவில்லை என்று பொருள். அது தற்செயலான தவறு இல்லை, ஒரே திசையில் பழகிப்போன தவறு.

உங்கள் குறை என்ன என்று இப்போது சொல்கிறேன். 105 என்ற மொத்தச் சாய்வு பார்க்கச் சின்னதாக இருக்கிறது, ஆனால் மாதவாரியாகக் குறிகளை எழுதிப் பாருங்கள்: மார்ச்சில் 50 குறைவு, ஏப்ரலில் 60 குறைவு, மேயில் 20 கூடுதல், ஜூனில் 100 கூடுதல், ஜூலையில் 75 கூடுதல், ஆகஸ்டில் 20 கூடுதல். சீசனில் குறைத்தும் சீசன் முடிந்ததும் கூட்டியும் சொல்லியிருக்கிறீர்கள். மேட்டைக் கொஞ்சம் வெட்டிப் பள்ளத்தில் கொட்டியது போல. கடந்த சில மாதங்களின் சராசரியைக் கணிப்பில் கலக்கும் எவருக்கும் இப்படித்தான் வரும். ஏப்ரலைக் கணிக்கும்போது பிப்ரவரி கீழே இழுக்கும், ஜூனைக் கணிக்கும்போது ஏப்ரல் மேலே இழுக்கும். உங்கள் எக்செல்லில் எங்காவது மூன்று மாத சராசரி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும் என்றே நினைக்கிறேன்.

அடுத்த கேள்வி: 18.8% நல்லதா கெட்டதா? எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்லவே முடியாது. நிதானமாக மாதம் 1,000 போகிற ஒரு மாடலுக்கு 18.8% கேவலம். வானத்தைப் பார்த்து விற்கும் பம்ப்புக்கு அது நன்றாகவே இருக்கலாம். ஒப்பிட ஓர் ஆள் வேண்டும். யோசிக்கவே தெரியாத ஆளாக இருந்தால் நல்லது: போன வருடம் இதே மாதம் என்ன வந்ததோ அதையே இந்த வருடத்துக்கும் சொல்கிறவர். உங்கள் கோப்பில் போன வருடக் கணக்கும் இருப்பதால் போட்டுப் பார்த்தேன். மார்ச் 420, ஏப்ரல் 570, மே 460, ஜூன் 140, ஜூலை 70, ஆகஸ்ட் 60. இந்த வருட ஆர்டரோடு பிழைகள் முறையே 80, 30, 60, 40, 20, 20. மொத்தம் 250. வேப் 14.5%.

மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது. போன வருடத் தாளை நகல் எடுத்திருந்தால் 250 பம்ப் தவறியிருக்கும். நீங்கள் உழைத்துப் போட்டதில் 325 தவறியிருக்கிறது. 325-ஐ 250-ஆல் வகுத்தால் 1.3. இது ஒன்றுக்கு மேல் இருந்தால் நகலிடம் தோற்றோம் என்று பொருள். சேல்ஸ் நண்பருக்கு 1.89.

இதைப் பிரித்துப் பார்த்தால்தான் சுவாரஸ்யம். மார்ச் முதல் மே வரை உங்கள் பிழை 130, நகலின் பிழை 170. அங்கே நீங்கள் ஜெயித்திருக்கிறீர்கள். டீலர்களோடு பேசியது வீண் போகவில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உங்களுக்கு 195, நகலுக்கு 80. தோல்வி முழுக்க மழை மாதங்களில். சீசனுக்கு உங்கள் கணிப்பு, மழைக்குப் போன வருடத்து எண் என்று கலந்திருந்தால் 210-இல் முடிந்திருக்கும், அதாவது 12.1%. ஒரே வருடத்தை வைத்து இதை விதியாக்கிவிடாதீர்கள். தென்மேற்குப் பருவமழை சீக்கிரம் வந்த ஒரு வருடமும் தாமதமாக வந்த ஒரு வருடமும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஜூன் எண் எப்படி வேண்டுமானாலும் ஆடும். பழைய கோப்புகளை எடுத்து இன்னும் இரண்டு மூன்று வருடத்துக்கு இதே கணக்கைப் போட்டு, அங்கும் இப்படித்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த ஒப்பீட்டை முறையாக்கி மேஸ் என்ற அளவாகக் கொடுத்தவர்கள் கணிப்பு முறைகளை ஆராய்ந்த ராப் ஹைண்ட்மனும் ஆன் கோலரும், 2006-இல். அவர்கள் வகுப்பது, கணிப்பு போடுவதற்கு முன்பிருந்த பழைய காலத் தரவில் நகல் முறை எவ்வளவு தவறும் என்பதால். நான் மேலே செய்தது அதே ஆறு மாதத்தில் நேருக்கு நேர் மோதவிட்டது. மேனேஜருக்குப் புரியவைக்க நேர் மோதல்தான் வசதி.

எக்செல்லில் இவை நான்கும் நான்கே வரிதான். B-இல் ஆர்டர், C-இல் கணிப்பு, D-இல் போன வருடம் என்று வைத்துக்கொண்டால், வரிசையாக மேப், வேப், சாய்வு, நகலோடு விகிதம்:

```
=SUMPRODUCT(ABS(B2:B7-C2:C7)/B2:B7)/6
=SUMPRODUCT(ABS(B2:B7-C2:C7))/SUM(B2:B7)
=SUM(C2:C7)-SUM(B2:B7)
=SUMPRODUCT(ABS(B2:B7-C2:C7))/SUMPRODUCT(ABS(B2:B7-D2:D7))
```

சூத்திரம் சரியாக இருந்தும் B நிரலில் என்ன எண் இருக்கிறது என்பதில்தான் பல கம்பெனிகள் சறுக்குகின்றன. அது வந்த ஆர்டரா, அனுப்பிய டிஸ்பாட்சா? ஏப்ரலை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டது 600. உங்கள் கணிப்பை நம்பி 540 செய்து, குடோனில் பழைய சரக்கும் இல்லை என்றால் அனுப்பியது 540. டிஸ்பாட்சை வைத்துக் கணக்கிட்டால் உங்கள் பிழை பூஜ்யம்! சேல்ஸ் நண்பர் சொன்னபடி 420 மட்டும் செய்திருந்தால் 420 தான் போயிருக்கும், அவர் பிழையும் பூஜ்யம். குறைவாகக் கணித்து, குறைவாகச் செய்து, குறைவாக விற்றுவிட்டுக் கணிப்பு பலித்துவிட்டது என்று கைதட்டிக்கொள்ளலாம். அதனால் டீலர் முதலில் கேட்ட எண்ணிக்கை, கேட்ட தேதி, இரண்டையும் வைத்து மட்டுமே கணக்கு. டீலர் போனில் கேட்டு, "சரக்கு இல்லைங்க" என்றதும் ஆர்டரே போடாமல் வைத்துவிடுவாரே, அதையும் சேல்ஸ் டெஸ்கில் ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். தட்டுப்பாட்டு நேரத்தில் ஒரே டீலர் இரண்டு டெப்போவில் ஆர்டர் போட்டு, ஒன்றைப் பிறகு ரத்து செய்வதும் உண்டு. அதைக் கழித்துவிட வேண்டும்.

C நிரலுக்கும் இதே கேள்வி: எப்போது போட்ட கணிப்பு? காஸ்டிங்குக்கும் வைண்டிங் வயருக்கும் இரண்டு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்றால், ஏப்ரலுக்கு நீங்கள் பிப்ரவரித் தொடக்கத்தில் என்ன சொன்னீர்களோ அதைத்தான் அளக்க வேண்டும். மார்ச் 28-ஆம் தேதி திருத்திய எண் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் ஃபவுண்டரிக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒரே கோப்பில் பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதும் பழக்கம் இருந்தால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. மாதம் பிறந்ததும் கோப்பை ஒரு நகல் எடுத்துத் தேதி போட்டுப் பூட்டி வையுங்கள். எதற்கும் ஒருமுறை சேல்ஸ் நண்பரின் கோப்பு எந்தத் தேதியில் சேமிக்கப்பட்டது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"எல்லா மாடலுக்கும்" என்று மேனேஜர் சொன்னதில் இன்னொரு சிக்கல். உங்களிடம் எப்போதாவது மட்டும் போகும் மாடல்களும் ஸ்பேர்களும் இருக்கும். ஒரு மாதம் ஆர்டரே இல்லை என்றால் மேப் பூஜ்யத்தால் வகுக்கும், எக்செல் `#DIV/0!` காட்டும். உடனே யாராவது `IFERROR` போட்டு அந்த மாதத்தை விட்டுவிடுவார்கள். ஆர்டர் இல்லாத மாதத்துக்கு 200 என்று கணித்த பெருந்தவறு அப்படியே காணாமல் போய்விடும்.

வேப்புக்கு அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் இங்கே அதுவும் கைவிடும். 12 மாதத்தில் நான்கு மாதம் மட்டும் தலா 30 போகும் ஒரு ஸ்பேரை எடுத்துக்கொள்ளுங்கள், வருடத்துக்கு 120. மாதம் 10 என்று நியாயமாகக் கணித்தால், நான்கு மாதம் 20 வீதமும் எட்டு மாதம் 10 வீதமும் தவறி மொத்தப் பிழை 160, வேப் 133%. வருடம் முழுக்க பூஜ்யம் என்று சொன்னால் பிழை 120, வேப் 100%. ஒன்றுமே விற்காது என்று சொன்னவர் ஜெயித்துவிட்டார்! இந்த மாதிரிப் பொருளுக்கு பிழையை வர்க்கமாக்கிச் சராசரி எடுத்து வர்க்கமூலம் காணும் ஆர்.எம்.எஸ்.இ. தேவலை: 10 என்றவருக்கு 14.1, பூஜ்யம் என்றவருக்கு 17.3. சாய்வும் காட்டிக்கொடுக்கும், ஒருவருக்கு 0, மற்றவருக்கு 120 குறைவு. நடைமுறையில் நான் இவற்றை மாதக் கணிப்புப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டு, இருப்பு இவ்வளவுக்குக் கீழே போனால் ஆர்டர் போடு என்ற முறைக்கு மாற்றிவிடுவேன்.

மேப்பே வேண்டாம் என்கிறேனா? அப்படி இல்லை. மாதாமாதம் 900-க்கும் 1,100-க்கும் நடுவில் ஓடுகிற பொருளுக்கு மேப்பும் வேப்பும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் தரும், மேப்பை விளக்குவதும் சுலபம். ஆர்டர் பூஜ்யத்தை நெருங்கும்போதும், சீசனுக்கும் மற்ற மாதங்களுக்கும் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம் இருக்கும்போதும்தான் அது ஆளை மாற்றிக் காட்டுகிறது. உங்கள் பம்ப் இரண்டிலும் மாட்டுகிறது.

மேனேஜரிடம் இந்தச் சூத்திரங்களைக் கொண்டு போகாதீர்கள். ஒரு தாளில் மார்ச், ஏப்ரல், மே மட்டும் எழுதி, வந்த ஆர்டர் 1,500, உங்கள் கணிப்பு 1,410, 20% காரரின் கணிப்பு 1,050 என்று காட்டுங்கள். அடுத்த சீசனுக்கு இதில் எதை நம்பிக் காஸ்டிங் சொல்லலாம் என்று கேளுங்கள். அவர் பதில் சொன்ன பிறகு, 20% இலக்குக்குப் பதிலாக, போன வருட நகலை வேப்பில் தோற்கடிப்பதையும் சீசன் சாய்வு இரு பக்கமும் 5%-க்குள் இருப்பதையும் இலக்காக வைக்கலாமா என்று பேசிப் பாருங்கள். உங்கள் சீசன் சாய்வு இப்போதே 90 பம்ப், அதாவது 6% குறைவு. அந்த மூன்று மாத சராசரியை எடுத்துவிட்டால் அது இறங்கும் என்று எதிர்பார்க்கிறேன்.